சனிக்கிழமை வகுப்பு வேண்டாம் சார், திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாமா?

சார் வணக்கம், வாணி அம்மா எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை (29-ஆம் தேதி) காலை 7 மணி வகுப்புக்கு வர வேண்டாம், நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை வாணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புனலூர் கிளம்புகிறோம். வியாழன் வகுப்பு வழக்கம்போல 6.30-க்கு உண்டு, அதில் மாற்றம் இல்லை.

அம்மாவுக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன், சனிக்கிழமை காலையில். அப்பா புனலூர் காகித ஆலையில் வேலை பார்த்த காலத்திலேயே அங்கே வீடு வைத்துவிட்டதால் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தம்பி துபாயில், மதினிக்குக் கைக்குழந்தை, அதனால் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு நான்தான் இருந்தாக வேண்டும். இவர் திருப்பூரிலிருந்து அந்த வாரம் வர முடியாது என்று சொல்லிவிட்டார், வாணியை மட்டும் வீட்டில் தனியாக விட்டுப் போக எனக்கு மனசில்லை. கட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பிரிப்பார்கள், டாக்டர் பார்த்து மருந்து சொன்ன பிறகுதான் நாங்கள் கிளம்ப முடியும்.

முதலில் ஞாயிறு சாயங்காலமே வகுப்பை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் சாமிமார் கூட்டம், அச்சன்கோவிலுக்கும் ஆரியங்காவுக்கும் போகிறவர்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் வருகிறார்கள், போதாததற்குப் புளியரை எஸ் வளைவில் ஜல்லி லாரி ஒன்று மக்கர் பண்ணினால் எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. வருவோம் என்று சொல்லி உங்களை வரவைத்து, நாங்கள் மலையில் மாட்டிக்கொண்டால் அது பெரிய தப்பு. போன ஆகஸ்டில் ஒருநாள் நான் போன் செய்ய மறந்துபோய் நீங்கள் இலஞ்சியிலிருந்து மழையில் வண்டி எடுத்து வந்து பூட்டின கதவைப் பார்த்து அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள், அதை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை, எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தத் தடவை செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடுகிறேன். நீங்கள் டிஆர்பிக்குப் படிக்கிறீர்கள், ஒரு காலை நேரம் சும்மா கிடைத்தால் உங்களுக்கு எவ்வளவு உதவும் என்று தெரியும். அந்த நேரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுப்பதென்றாலும் தாராளமாகக் கொடுங்கள்.

ஈடு வகுப்புக்கு டிசம்பர் 1, திங்கட்கிழமை மாலை 6 முதல் 7.30 வரை முடியுமா? அன்றைக்கு உங்களுக்கு வேறு வகுப்பு இருந்தால், அடுத்த ஞாயிறு 7-ஆம் தேதி காலை எந்த நேரமானாலும் சரி, நாங்கள் வீட்டில்தான் இருப்போம். என்னைக் கேட்டால் திங்கட்கிழமையே நல்லது. அரையாண்டு நெருங்கிவிட்டது, ஒரு வாரம் தள்ளிப்போனால் வாணிக்கு முக்கோணவியல் பாடத்தின் தொடர்பு விட்டுப்போகும். திங்கள் எங்கள் வீட்டுக்கு வருவது சிரமம் என்றால் வாணியை நானே இலஞ்சிக்குக் கூட்டி வந்து விடுகிறேன், முடிகிற வரை உங்கள் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை போனில் வீடியோ காலில் எடுக்கச் சொல்லலாமா என்று வாணி கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முக்கோணவியல் படிக்க முடியாது, அவள் படம் போடும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தப்பு பிடிபடுகிறது.

பிடிபட வேண்டிய தப்பு ஒன்று இருக்கிறது சார், நேற்று ராத்திரி நோட்டைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம், ஏற்றக்கோணம் 30 டிகிரி, உயரம் என்ன என்கிற கணக்கு. படம் சரியாகப் போட்டிருக்கிறாள், tan 30° என்றும் சரியாக எழுதியிருக்கிறாள், அடுத்த வரியில் 1/√3 போட வேண்டிய இடத்தில் √3 போட்டு 51.96 மீட்டர் என்று முடித்து அடியில் இரண்டு கோடும் கிழித்துவிட்டாள். நீங்கள் சொல்லிக் கொடுத்த 45 டிகிரி சோதனையைச் செய்து பார்த்தாயா என்று கேட்டேன். 45 என்றால் உயரமும் 30 மீட்டர்தான், அப்படியிருக்க 30 டிகிரிக்கு எப்படி 52 வரும் என்று அவளே கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, அழித்து 17.32 என்று திருத்தினாள். கணக்கு தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை, 30-க்கும் 60-க்கும் உள்ள மதிப்பை மனப்பாடமாக மாற்றிப் போடுகிறாள். ஈடு வகுப்பில் முதல் பத்து நிமிடம் இதற்கு மட்டும் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். ஐந்து மதிப்பெண் கேள்வியில் இப்படிப் போனால் மனசு ஆறாது.

ஊரில் இருக்கும்போது பயிற்சி 6.2-இல் மீதி இருப்பதை முடிக்கச் சொல்லியிருக்கிறேன், புத்தகமும் நோட்டும் பையில் போட்டாயிற்று. அப்புறம் இன்னொன்று. நீங்கள் போன வாரம் கோணமானியில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நுனியில் கல்லைத் தொங்கவிட்டு ஏற்றக்கோணம் அளக்கக் காட்டினீர்களே, அதை அவளும் செய்து வைத்திருக்கிறாள். ஞாயிறு காலை அம்மாவின் கட்டைப் பிரித்த பிறகு நேரம் கிடைத்தால் புனலூர் தொங்குபாலத்துக்குக் கூட்டிப் போவேன். 1877-இல் கல்லடை ஆற்றின் மேல் கட்டிய பாலம், இரண்டு கரையிலும் சங்கிலியைத் தாங்கி நிற்கிற அந்தக் கல் தூண்களில் ஒன்றை அளந்து வருகிறேன் என்று நிற்கிறாள். டேப்பில் அடி தூரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். அவள் கண் உயரத்தைக் கடைசியில் கூட்ட மறப்பாள் என்று நினைக்கிறேன், மறந்தால் திருத்தாமல் அப்படியே கொண்டு வரச் சொல்கிறேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பீஸில் எதையும் கழிக்க வேண்டாம். வகுப்பு எங்களால் நின்றது, திங்கட்கிழமை உங்களுக்கு ஒத்துவராமல் போனாலும் இந்த மாதப் பணம் முழுசாகத்தான் தருவேன், 1-ஆம் தேதி கையில் தந்துவிடுகிறேன். 6-ஆம் தேதி சனிக்கிழமை வகுப்பு வழக்கம்போல உண்டு. ஒரு வாரம் கழித்து அம்மாவைக் கண் பரிசோதனைக்கு மதினியே கூட்டிப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார், அதற்கு நான் திரும்பப் போக வேண்டியதில்லை.

திங்கள் சரி வருமா என்று மட்டும் ஒரு வரி அனுப்புங்கள் சார். இப்போது அவசரம் இல்லை, வியாழக்கிழமை வரும்போது நேரில் சொன்னாலும் போதும்.

வாணி அம்மா, செங்கோட்டை