மசாலா சாம்பிள்: எந்தப் போத்தல் கட்டிப்பட்டது?

பாலா அண்ணனுக்கு,

வணக்கம். சாம்பிள் பெட்டி 9ஆம் தேதி லண்டனில் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கூரியர்காரர்கள் சொன்னார்கள். சனிக்கிழமை போனில் பேசியபோது, “கொஞ்சம் கட்டிப்பட்டிருக்கு, ருசி பரவாயில்லை” என்றீர்கள். கடையில் கூட்டம் இருந்ததால் நானும் மேலே கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்து இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த மின்னஞ்சல்.

முதலில் அந்தக் கட்டி. மீன் கறி மசாலாவில் இரண்டு வகை அனுப்பியிருந்தேன். மூடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது தேங்காய் எண்ணெயில் வதக்கியது. பச்சை ஸ்டிக்கர், சூரியகாந்தி எண்ணெய். கட்டிப்பட்டது எது? சிவப்பு என்றால் எனக்குக் கவலையில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், உங்கள் ஊர் பிப்ரவரியில் உறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இங்கே ஊட்லண்ட்ஸில் எங்கள் சமையற்கூடத்தில் அது ஒரு நாளும் உறைந்ததில்லை. சோதித்துப் பார்க்க ஸ்டோர் அறையில் ஏர்கானை 18இல் வைத்து ஒரு ராத்திரி முழுக்க விட்டேன். மேலே வெள்ளையாக ஓர் ஆடை படிந்தது, கீழே மசாலா இளகலாகவே இருந்தது. (மின்சார பில் வரும்போது வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு கதை.)

உங்களிடம் இருப்பதும் அப்படித்தானா, அல்லது கரண்டி இறங்காத அளவுக்கு அடிவரை இறுகிவிட்டதா? போத்தலைத் திறக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். இளகினால் எண்ணெய்தான் காரணம். பச்சை ஸ்டிக்கர் போத்தலும் கட்டியாக இருந்தால் தப்பு என் பக்கம், தண்ணீர்ப் பதம் பார்த்து மறுபடி அரைக்க வேண்டும். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அடுத்தது அந்தப் “பரவாயில்லை”. என்ன மீன் போட்டுச் சமைத்தீர்கள்? போத்தலில் எழுதியிருப்பது அரைக் கிலோ மீனுக்கு 100 கிராம் என்ற கணக்கு. அதை நாங்கள் தெங்கிரிக்குப் பார்த்து எழுதினோம், உங்கள் பக்கத்தில் அறக்குளா என்பீர்களே, அதுதான். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கறுக்க வறுத்த யாழ்ப்பாணத் தூளில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு எங்கள் மசாலா புளிப்பாகவும் சப்பென்றும் பட்டிருக்கலாம். உறைப்புப் போதவில்லையா, வறுத்த வாசம் போதவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. உறைப்பு என்றால் மிளகாயைக் கூட்டினால் போதும். வாசம் என்றால் மல்லியையும் சீரகத்தையும் இன்னும் கறுக வறுக்க வேண்டும், அப்போது நிறமும் மாறும். அண்ணி சமைத்திருந்தால் அண்ணி சொன்னதை அப்படியே எழுதுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். முன்பு வேறு நாட்டு வியாபாரி ஒருவர் சாம்பிளுக்கு “எல்லாம் ஓகே” என்று பதில் போட்டார். நாற்பது பெட்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் மூடி கசிகிறது என்றார். சாம்பிளிலேயே கசிந்ததாம், சின்ன விஷயம் என்று சொல்லாமல் விட்டாராம்!

அதனால் மூடியையும் கேட்டுவிடுகிறேன். பெட்டியைப் பிரித்தபோது எந்தப் போத்தலின் கழுத்திலாவது எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததா? அடியில் விரித்த காகிதத்தில் கறை?

லேபிளில் ஒன்று. கடுகு இங்கே ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை, உங்கள் நாட்டில் அந்தப் பதினான்கில் அதுவும் ஒன்று. அதைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறேன். இறக்குமதியாளர் என்று எந்த முகவரியை அச்சிட வேண்டும், கடையா கிடங்கா, என்று மட்டும் சொல்லுங்கள்.

சம்பலைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லை, திறந்தே பார்க்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

விலை பேச்சு இப்போது வேண்டாம். 250 கிராம் போத்தல் உங்கள் அலமாரியில் எத்தனை பவுனுக்கு மேல் போனால் ஆட்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள், அந்த ஓர் எண் போதும்.

போத்தல்காரரிடம் மார்ச் 6க்குள் ஆர்டர் சொல்ல வேண்டும், கப்பலில் சரக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வருகிற வெள்ளிக்குள் பதில் கிடைத்தால் திருத்திய சாம்பிள் இரண்டு போத்தல் என் செலவிலேயே அனுப்பிவிடுவேன். எழுத நேரமில்லை என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுங்கள். உங்களுக்குக் கடை திறக்கும் நேரம் எனக்குச் சாயங்காலம், அப்போது போனும் கையில்தான் இருக்கும்.

அன்புடன்,
மீனா
ஊட்லண்ட்ஸ், சிங்கப்பூர்