பால் குளிரூட்டும் நிலையமும் கொழுப்புச் சத்துக்கேற்ற விலையும் வேண்டி மனு

அனுப்புநர்
மேட்டுக்கொல்லை, ஏரிக்கரைத் தெரு, புதுக்காலனி ஆகிய இடங்களில் பால் ஊற்றும் உறுப்பினர்கள்,
செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர் அவர்கள்,
பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம்,
மேட்டுக்கொல்லை.

நாள்: 19.05.2025

பொருள்: நமது ஊரில் பால் குளிரூட்டும் நிலையம் அமைக்கவும், ஒவ்வொருவர் பாலின் கொழுப்புச் சத்துக்கும் இதர சத்துக்கும் ஏற்ப விலை வழங்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் திடலில் கூடிப் பேசி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய பிறகு எழுதும் மனு இது. பால் ஊற்றும் 94 பேரில் 81 பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறோம். மற்றவர்களில் சிலர் வெளியூர் போயிருக்கிறார்கள், சிலர் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். ஏன் தயங்கினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் மே 9ஆம் தேதி மாலை நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு இங்கிருந்து போன கேன்களில் ஆறு கேன் பால் திரிந்துவிட்டது என்று பால் ஒன்றியத்தின் நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். 240 லிட்டர். சங்கம் தரும் 33 ரூபாய்க் கணக்கில் 7,920 ரூபாய். கெட்டது யார் பால் என்று கண்டுபிடிக்க வழியில்லை என்பதால், அடுத்த பத்து நாள் பில்லில் தலைக்கு 84 ரூபாய் பிடித்துவிட்டீர்கள். வேளைக்கு ஒரு லிட்டர் ஊற்றும் பாட்டிக்கும் 84, பத்து லிட்டர் ஊற்றுகிறவருக்கும் 84. இந்தக் கோடையில் இது முதல் தடவையும் இல்லை.

அந்தப் பால் ஏன் கெட்டது? கறந்த பாலின் சூடு மாட்டின் உடம்புச் சூடு, சுமார் 38 டிகிரி. கிருமி பெருகுவதற்கு அதைவிட வசதியான சூடு கிடையாது. கூடிய சீக்கிரம் 4 டிகிரிக்குக் கொண்டுபோனால்தான் அது அடங்கும். நம் ஊரில் மாலைப் பால் நாலரை மணியிலிருந்து ஊற்றுகிறோம். வண்டி வருவது ஆறே முக்காலுக்கு. அதன்பிறகு இன்னும் ஒன்பது ஊரில் நின்று, 23 கிலோமீட்டர் போய் நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்பதரை. கத்திரி வெயிலில் காய்ந்த அலுமினியக் கேனில் ஐந்து மணி நேரம் கிடந்து, குலுங்கிக்கொண்டு போன பால் திரியாமல் இருந்தால்தான் அதிசயம். ஈரச்சாக்கு போடச் சொல்கிறார்கள், போடுகிறோம். பாத்திரத்தை வெந்நீரில் கழுவச் சொன்னார்கள், அதையும் செய்கிறோம். இதற்கு மேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

அதனால்தான் இங்கேயே ஒரு கூலர் வேண்டும் என்கிறோம். பெரிய நிலையம் கேட்கவில்லை. 2,000 லிட்டர் கொள்ளும் பி.எம்.சி. என்கிற பால் கூலர் ஒன்று, அதற்கு ஜெனரேட்டர் ஒன்று. காலையும் மாலையும் ஊற்றும் பாலை உடனுக்குடன் குளிரவைத்துவிட்டால், நாளுக்கு ஒரு முறை டேங்கர் வந்து எடுத்துக்கொண்டு போனால் போதும். கேன் வண்டி இரண்டு வேளை வரும் செலவும் ஒன்றியத்துக்கு மிச்சம். ஜெனரேட்டரை மட்டும் விட்டுவிட வேண்டாம். நம் ஊர் கரண்ட்டை நம்பி கூலர் வைத்தால் பால் அதிலேயே திரியும்.

இதைப் பற்றிப் போன வருடம் பேரவைக் கூட்டத்தில் கேட்டபோது, "நம்ம ஊர்ல பால் பத்தாது, 640 லிட்டருக்குக் கூலர் தரமாட்டாங்க" என்று சொன்னீர்கள். பால் பத்தவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் இதே சங்கத்தில் 1,050 லிட்டர் வந்துகொண்டிருந்தது. மாடு குறையவில்லை. ஏரிக்கரைத் தெருவில் மட்டும் ஏழெட்டுக் கறவை கூடியிருக்கிறது. பால் தனியார் வண்டிக்குப் போய்விட்டது. போனதற்குக் காரணம் விலை. எங்கள் இரண்டு கோரிக்கையையும் ஒரே மனுவில் எழுதுவது இதனால்தான். விலையைச் சரிசெய்தால் பால் திரும்பி வரும், பால் வந்தால் கூலர் நிறையும்.

விலை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 நவம்பரில் அரசு பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாகவும், எருமைப்பால் விலையை 41 ரூபாயிலிருந்து 44 ரூபாயாகவும் உயர்த்தியது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. இந்த 35 ரூபாய் என்பது 4.3 சதவீதம் பேட் என்கிற கொழுப்பும், 8.2 சதவீதம் எஸ்.என்.எஃப். என்கிற இதர சத்தும் உள்ள பாலுக்கு. அதற்கு மேல் சத்து இருந்தால் விலை ஏற வேண்டும், கீழே இருந்தால் இறங்க வேண்டும். நம் சங்கத்தில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. எல்லோருக்கும் சராசரி விலை 33 ரூபாய்.

புதுக்காலனியில் ஜெர்சி கலப்பு மாடு வைத்திருக்கும் ஒரு அக்கா, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, கோ-4 புல், வைக்கோல் என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறார். சத்துப் பார்க்கும் சங்கத்து மெஷினிலேயே அவர் பாலுக்கு 4.6 பேட், 8.4 எஸ்.என்.எஃப். காட்டியது. பில்லில் 33. அதே நாள், அதே வேளையில் 3.5 பேட், 8.0 காட்டிய பாலுக்கும் 33. எருமை வைத்திருந்த நான்கு குடும்பங்கள் பசும்பால் விலைக்கே எருமைப்பாலை ஊற்றிப் பார்த்துவிட்டு, இப்போது சங்கத்தின் பக்கமே வருவதில்லை. பாலில் ஒரு சொம்பு தண்ணீர் சேர்க்கிறவருக்கு இந்தச் சராசரி விலையில் லாபம், மாட்டுக்குத் தீனி போடுகிறவருக்கு நட்டம். நல்ல பால் வெளியே போனதும் மிச்சமிருக்கும் பாலின் சத்து குறைகிறது. ஒன்றியம் சத்துப் பார்த்துத்தான் சங்கத்துக்குப் பணம் தருகிறது, ஆகவே சராசரியும் குறைகிறது. இப்படியே போனால் அடுத்த வருடம் 33ம் இருக்காது.

"மெஷின் வந்த பிறகு எல்லாம் சரியாகத்தானே காட்டுகிறது" என்று கேட்கலாம். மெஷினைக் குறை சொல்லவில்லை. அதைக் கையாளும் விதம்தான் சரியில்லை. ஒருவர் பால் பார்த்தபின் குழாயைக் கழுவாமலே அடுத்தவர் பாலை உறிஞ்சவிட்டால், முன்னவர் பால் கொஞ்சம் அதில் கலந்துதான் எண் வரும். எருமைப்பாலுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு யோகம், தண்ணீர்ப் பாலுக்குப் பின்னால் நிற்கிறவருக்குக் கஷ்டம். அப்புறம், தூக்கில் கொண்டுவந்த பாலை நன்றாகக் கலக்காமல் சாம்பிள் எடுத்தால் எண் தாறுமாறாக வரும். ஏடு மேலே மிதக்கும். மேலே மொண்டால் கூடும், அடியில் எடுத்தால் குறையும். போன மாதம் ஒரே பாலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை இங்கேயும் மற்றதைத் தனியார் வண்டியிலும் காட்டினோம். இங்கே 3.6, அங்கே 4.2. எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்லும் கருவி சங்கத்திலேயே இருக்கிறது, பரண்மேல், கோணிச் சாக்கில் சுற்றி.

கெர்பர் சோதனைக் கருவியைத்தான் சொல்கிறோம். மெஷின் வருவதற்கு முன்னால் அதில்தான் பார்த்தார்கள். 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டுச் சுழற்றி எடுத்தால், பியூட்டிரோமீட்டரின் கழுத்தில் கொழுப்பு மஞ்சளாகத் தனியே நிற்கும்; கோடு பார்த்து யாரும் எண் சொல்லிவிடலாம். வாரம் ஒருமுறை, உறுப்பினர்களில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, மெஷினில் பார்த்த அதே சாம்பிளைக் கெர்பரிலும் பார்த்து, இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிப் போடுங்கள். வித்தியாசம் வந்தால் மெஷினைச் சரிபார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். டெஸ்டர் தம்பி மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் 94 பேர் பாலைத் தனியாளாக அளந்து, பார்த்து, எழுதவும் வேண்டும் என்றால் யாரால் கழுவிக்கொண்டிருக்க முடியும்? அவருக்குத் துணைக்கு ஒருவரைப் போடுங்கள்.

அரைப் புள்ளியில் என்ன போய்விடப்போகிறது என்று நினைக்கக் கூடாது. நாளுக்கு 10 லிட்டர் ஊற்றும் வீட்டில் பேட் 0.5 குறைத்து எழுதப்பட்டால், மாதத்தில் ஒன்றரை கிலோ கொழுப்பு கணக்கில் வராமல் போகிறது. கடையில் ஒன்றரை கிலோ நெய் வாங்கிப் பார்த்தால் தெரியும் அது எவ்வளவு என்று.

சாம்பிள் பால் பற்றியும் ஒரு வார்த்தை. ஆளுக்கு 100 மில்லி வீதம் எடுத்தால் வேளைக்கு ஒன்பது லிட்டருக்கு மேல் சேர்கிறது. மெஷினுக்கு அவ்வளவு தேவையில்லை. மீதியை உறுப்பினருக்கே திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அதை விற்ற பணம் சங்கத்தின் வரவில் தெரிய வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது: ஜூன் மாத முதல் பில்லிலிருந்து சராசரி விலையை நிறுத்தி, பசும்பால், எருமைப்பால் தனித்தனியாக, பேட், எஸ்.என்.எஃப். பார்த்து அட்டவணைப்படி விலை போடுங்கள். ஒவ்வொரு வேளையும் அளவு, பேட், எஸ்.என்.எஃப்., விலை நான்கும் அச்சிட்ட சீட்டு கையில் கிடைக்க வேண்டும். விலை அட்டவணையைச் சங்க வாசலில் ஒட்டுங்கள். கூலருக்கு நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு ஒன்றியத்துக்கு அனுப்புங்கள். தேசிய பால்வள மேம்பாட்டுத் திட்டத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குளிர்விப்பானும் பால் பரிசோதனைக் கருவிகளும் தர வழி இருக்கிறது; அந்தத் திட்டத்தின் பெயரைத் தீர்மானத்திலேயே குறிப்பிட்டு எழுதுங்கள். கூலர் வரும்வரை, கோடை முடியும் மட்டுமாவது, மாலை வண்டி நம் ஊருக்குக் கடைசியாக வந்து நேரே நிலையத்துக்குப் போகும்படி வழித்தடத்தை மாற்றச் சொல்லுங்கள். மே 9 பிடித்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று போட்டதை ரத்து செய்து, திருப்பித் தாருங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் இடத்தின் முள்ளை வெட்டி மட்டப்படுத்தித் தருகிறோம். கூலருக்குத் தண்ணீர் தர, பக்கத்துக் கொல்லைக்காரர் தன் போர்வெல்லிலிருந்து குழாய் இழுத்துக்கொள்ளச் சம்மதித்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் நகல் இத்துடன் உள்ளது. கட்டடச் செலவில் சங்கத்தின் பங்குக்கு லிட்டருக்கு 25 பைசா வீதம் ஒரு வருடம் பிடித்துக்கொள்ளவும் சம்மதம், ரசீதோடு. தனியார் வண்டிக்கு ஊற்றும் 31 வீட்டாரிடம் பேசினோம். சீட்டும் அட்டவணை விலையும் வந்தால் திரும்பி வருகிறோம் என்று 22 வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பெயரும் கறவைக் கணக்கும் தனித்தாளில் இணைத்துள்ளோம்.

இந்த மனுவுக்கு 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவும், ஜூன் மாதத்திலேயே சிறப்புப் பேரவைக் கூட்டம் கூட்டி இதைப் பொருளாக வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்தைக் காலைப் பால் ஊற்றிய பின், எட்டரை மணிக்கு மேல் வையுங்கள். பெண்கள் வர வேண்டும். மாடு பார்ப்பது பாதிக்கு மேல் அவர்கள்தான்.

இப்படிக்கு,
மேட்டுக்கொல்லை, ஏரிக்கரைத் தெரு, புதுக்காலனி பால் ஊற்றும் உறுப்பினர்கள்
(81 பேரின் உறுப்பினர் எண்ணும் கையெழுத்தும் பின்வரும் நான்கு பக்கங்களில்)

இணைப்பு: மே 9 மாலை திரும்பிய கேன் ரசீது நகல், இரண்டு பால் பில் நகல்கள், போர்வெல் சம்மதக் கடிதம், திரும்பி வரச் சம்மதித்த 22 வீட்டார் பட்டியல்.

நகல்: துணைப் பதிவாளர் (பால்வளம்), திருவண்ணாமலை.