தேர்வு மையம் மாற்றித் தரக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
இரா. முருகேசன்,
(மாணவி மு. கயல்விழியின் தந்தை)
12, பள்ளிக்கூட வீதி, சரவணம்பட்டி,
கோயம்புத்தூர் – 641035.

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: மேல்நிலை இரண்டாம் ஆண்டு, 'ஆ' பிரிவு, சேர்க்கை எண் 4127, மாணவி மு. கயல்விழி – மார்ச் 2025 பொதுத்தேர்வு – எழுத்துத் தேர்வு மையத்தை மட்டும் கோயம்புத்தூருக்கு மாற்றப் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். நான் கருவூலத் துறையில் பணிபுரிகிறேன். 7.10.2024 நாளிட்ட மாறுதல் ஆணைப்படி 25.10.2024 அன்று திருநெல்வேலியில் விடுவிக்கப்பட்டு, 28.10.2024 அன்று கோயம்புத்தூரில் பணியில் சேர்ந்தேன். இம்மாதம் 10ஆம் தேதி பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்து குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். கயல்விழி மட்டும் அங்கேயே என் தங்கை வீட்டில் தங்கி, ஒரு நாளும் விடுபடாமல் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

மாற்றுச் சான்றிதழ் கேட்டு இந்த விண்ணப்பத்தை எழுதவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். படிப்பு ஆண்டின் பாதியில், அதுவும் ப்ளஸ் டூவில், பள்ளியை மாற்றினால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் எழுதி முடித்த பதிவேடுகளில் வேறொரு ஆசிரியர் கையொப்பமிட வேண்டிவரும். வருகைப் பதிவையும் தேர்வுகளையும் வைத்துத் தரும் அகமதிப்பீடு 10 மதிப்பெண்ணும் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். கணிதத்தோடு உயிரியல் சேர்ந்த பிரிவில் இப்போது இடம் கிடைப்பதும் அரிது. எனவே கயல்விழி கடைசி வரை தங்கள் பள்ளி மாணவியாகவே இருக்க வேண்டும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வுகள், 7.2.2025 முதல் 14.2.2025 வரை அறிவிக்கப்பட்டுள்ள செய்முறைத் தேர்வு எல்லாவற்றையும் அவள் தங்கள் பள்ளியிலேயே முடிப்பாள். செய்முறைக்கான 20 மதிப்பெண்ணும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் தங்கள் பள்ளி வழியாகவே போகட்டும்.

சிரமம் அதற்குப் பிறகுதான். மார்ச் 3 தமிழ், 6 ஆங்கிலம், 11 கணிதம், 18 உயிரியல், 21 வேதியியல், 25 இயற்பியல் என்று ஆறு தாள்கள் 23 நாட்களில் பரவியிருக்கின்றன. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 350 கி.மீ. தூரம். ஒவ்வொரு தாளுக்கும் இரவு ரயிலில் வந்து, காலை 10 மணிக்கு வினாத்தாளை வாங்கும் பிள்ளை 1.15 வரை தெளிவாக எழுத முடியாது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் இரண்டே நாள்தான். தங்கை வீட்டிலேயே இருக்கட்டும் என்றால், அவள் மகளுக்குப் பிப்ரவரி கடைசியில் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டு அறை மட்டும் உள்ள வீட்டில் பச்சைக்குழந்தையும் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையும் ஒன்றாக இருப்பது இருவருக்குமே கஷ்டம். தனியார் விடுதியில் பெண் பிள்ளையைத் தனியாக விட எங்களுக்கு மனமில்லை.

பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளிக்கு ஒதுக்கிய மையத்தில்தான் எழுதுவது வழக்கம் என்று அறிவேன். ஆகவே இதை உரிமையாகக் கேட்கவில்லை, சிறப்பு அனுமதியாகக் கேட்கிறேன். தாங்கள் பரிந்துரைக் கடிதம் வைத்து, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும், அவர்கள் வழியாகச் சென்னை கல்லூரிச் சாலையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும் அனுப்பிவைத்தால் மட்டுமே இந்தக் கோரிக்கை பரிசீலனைக்கு வரும். பெற்றோர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் மனு, பள்ளியின் குறிப்பு இல்லை என்று திரும்பி வந்துவிடும்.

பரிந்துரையில் மாணவியின் பெயரும் பிறந்த தேதியும் இப்போதுள்ள பெயர்ப் பட்டியலில் இருப்பது போலவே, முன்னெழுத்து உட்பட, அமையும்படி பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். ப்ளஸ் ஒன் தேர்வில் ஒதுக்கிய நிரந்தரப் பதிவெண், தமிழ் வழி, மொழிப்பாடம் தமிழ், பாடப்பிரிவு ஆகியவையும் அதில் இருக்கட்டும். மையத்தில் வினாத்தாள் எண்ணிக்கையைப் பாடத்தையும் பயிற்றுமொழியையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு பிள்ளை கூடுதலாக வருவது தெரியாவிட்டால் அங்குள்ள முதன்மைக் கண்காணிப்பாளருக்கும் சங்கடம்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாணவியின் புகைப்படமும் பதிவெண்ணும் அச்சிட்ட முகப்புத் தாள்கள் முன்கூட்டியே மையத்துக்குப் போய், விடைத்தாளோடு சேர்த்துத் தைக்கப்படுகின்றன. உயிரியலில் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி விடைத்தாள். அச்சிட்ட பிறகு அனுமதி வந்தால், முகப்புத் தாள் திருநெல்வேலியிலும் மாணவி கோயம்புத்தூரிலும் இருப்பார்கள். அந்த நிலை வராமலிருக்க இந்த மாதத்துக்குள்ளாகவே கடிதம் புறப்பட்டால் பெரும் உதவி. அனுமதி கிடைத்ததும், நுழைவுச்சீட்டில் புதிய மையத்தின் எண்ணும் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பதிவிறக்கும் நாளிலேயே பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். பழைய மைய எண்ணோடு வந்த சீட்டில் பேனாவால் திருத்தினால் அது செல்லாது.

மையத்தைப் பொறுத்தவரை சரவணம்பட்டி அல்லது கணபதி வசதி. அங்கே இடமில்லையென்றால் பீளமேடு. அதுவும் முடியாவிட்டால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் எந்த மையமானாலும் ஏற்றுக்கொள்கிறோம். குறிப்பிட்ட ஒரு பள்ளிதான் வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குத் துளியும் இல்லை. புதிய மையத்தின் விதிகளுக்குக் கயல்விழி முழுமையாகக் கட்டுப்படுவாள், மதிப்பெண் பட்டியலைத் தங்கள் பள்ளியிலேயே வந்து பெற்றுக்கொள்வாள் என்று இருவரும் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வைத்துள்ளோம்.

ஒருவேளை இயக்ககம் மறுத்துவிட்டால், அந்தச் செய்தியை ஜனவரி 10ஆம் தேதிக்குள் தெரிவித்தால் போதும். கயல்விழியின் தாய் மார்ச் முழுவதும் அவளோடு பாளையங்கோட்டையில் தங்குவதற்குப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிடுவோம். தேர்வை எழுதாமல் விடும் பேச்சுக்கே இடமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து தங்கள் ஆசிரியர்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் உழைப்பு கடைசி மூன்று வாரத்தின் அலைச்சலில் வீணாகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் கேட்கிறேன்.

நேரில் வரச் சொன்னால் எந்தச் சனிக்கிழமையும் வருகிறேன். அதற்கிடையில் கையொப்பம் ஏதும் தேவைப்பட்டால் கயல்விழியிடமே கொடுத்தனுப்பலாம், என் தங்கை அன்றே அஞ்சலில் சேர்த்துவிடுவாள். பள்ளிப் பதிவேட்டிலுள்ள என் கைபேசி எண் மாறவில்லை.

இணைப்பு: மாறுதல் ஆணை, விடுவிப்பு ஆணை, பணியேற்பு அறிக்கை ஆகியவற்றின் நகல்கள், 1.11.2024 முதல் நடைமுறையிலுள்ள வாடகை ஒப்பந்த நகல், சமையல் எரிவாயு இணைப்பு மாற்றிய ரசீது, மாணவியின் ஆதார் நகல், ப்ளஸ் ஒன் மதிப்பெண் பட்டியல் நகல், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம் 3, உறுதிமொழிக் கடிதம், அஞ்சல் தலை ஒட்டிய சுயமுகவரி உறை 1. எல்லா நகல்களிலும் நான் கையொப்பமிட்டுள்ளேன். அசல்களைக் கேட்கும்போது காட்டுகிறேன்.

இந்த விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, உடன் வைத்துள்ள இரண்டாம் படியில் தேதியிட்டுப் பள்ளி முத்திரை வைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. முருகேசன்

மாணவியின் கையொப்பம்:
மு. கயல்விழி