பொருள்: சம்பளச் சீட்டுக் கோப்புறை பொதுவெளியில் திறந்திருந்தது

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் நிறுவனத்தின் payslips-2024 கோப்புறை 2025 மார்ச் 3, முற்பகல் 11.40 முதல் மார்ச் 19, மாலை 4.05 வரை (16 நாள், 4 மணி 25 நிமிடம்) இணைய முகவரி தெரிந்த எவரும் கடவுச்சொல் இன்றித் திறக்கும்படி இருந்தது. தணிக்கையாளருக்கு ஒரேயொரு கோப்பை அனுப்புவதற்காக எங்கள் பணியாளர் பொது அணுகலைத் தடுக்கும் Block all public access அமைப்பை நீக்கி, கோப்புறையைப் பொதுவில் படிக்க அனுமதி கொடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அந்தத் தடையை மீண்டும் போடவில்லை. பொறுப்பு எங்களுடையது.

உள்ளே 212 சம்பளச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பெயர், வங்கிக் கணக்கு எண், பான் எண். கைப்பேசி எண்கள் இல்லை.

அணுகல் பதிவு மார்ச் 10 முதல்தான் இயங்கியது. அதன்படி, நமக்குத் தெரியாத இரண்டு ஐபி முகவரிகளிலிருந்து 9 கோப்புகள் பதிவிறக்கப்பட்டுள்ளன, பட்டியலை இணைத்துள்ளோம். முதல் வாரத்தில் யாரும் பார்க்கவில்லை என்று எழுத எங்களுக்கும் ஆசைதான், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே 212 பேருக்கும் தெரிவித்துவிடுவதே நல்லது. கடிதத்தின் வரைவை இன்று மாலைக்குள் அனுப்புகிறோம்.

இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதிப்படி, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 19ஆம் தேதி இரவு 8 மணிக்கே தகவல் கொடுத்துவிட்டோம். கோப்புறை இப்போது மூடப்பட்டுள்ளது. பழைய இணைப்பு எதுவும் திறக்காது. உங்கள் மற்றக் கோப்புறைகளையும் பார்த்துவிட்டோம், அவற்றில் பொது அனுமதி இல்லை.

நாளை காலை 10 மணிக்கு நேரில் வந்து விளக்கத் தயார்.

தகவல் பாதுகாப்புப் பிரிவு
20.03.2025