பேமெண்ட்ஸ் பணிக்கு ஒரு ரெஃபரல் கேட்டு: மீனாவின் தோழி கயல்விழி

வணக்கம் ராகவன்,

என் பெயர் கயல்விழி. உங்கள் டிசைன் டீமில் இருக்கும் மீனா என் கல்லூரித் தோழி. உங்களுக்கு எழுதலாமா என்று அவரிடம்தான் முதலில் கேட்டேன். உங்களிடம் பேசிவிட்டு, "எழுதலாம்" என்று சொல்லி இந்த முகவரியைத் தந்தார்.

உங்கள் நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் 'சீனியர் பேக்எண்ட் எஞ்சினியர், பேமெண்ட்ஸ்' என்ற இடம் வந்திருக்கிறது. பணி எண் 48213. அதற்கு என்னை ரெஃபர் செய்ய முடியுமா?

முடியும் என்றால் "சரி" என்று ஒரு வார்த்தை போதும். உங்கள் சிஸ்டம் விண்ணப்பதாரருக்கு லிங்க் அனுப்பும் என்றால் இந்த மெயில் முகவரிக்கே அனுப்பச் சொல்லுங்கள், மீதியை நானே நிரப்பிக்கொள்கிறேன். நீங்களே ஃபார்ம் நிரப்ப வேண்டும் என்றால், அதில் ஒட்டுவதற்கு ஏற்ற மாதிரி ஒரு பத்தி இந்த மெயிலின் கடைசியில் இருக்கிறது. ரெஸ்யூமேயை பிடிஎஃப் ஆக இணைத்திருக்கிறேன்.

முடியாது என்றால் "இந்த முறை வேண்டாம்" என்று எழுதினால் போதும், காரணம் தேவையில்லை. நீங்கள் என்னோடு வேலை செய்தவர் இல்லை; தெரியாத ஒருவருக்காகத் தன் பெயரைக் கொடுக்க யோசிப்பது நியாயம்தான். அந்த இன்டர்வியூ பேனலில் நீங்களே இருந்தாலும், வேறு யாரையாவது ஏற்கெனவே ரெஃபர் செய்திருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். பதில் எழுதவே நேரமில்லை என்றாலும் பரவாயில்லை. வியாழக்கிழமை மாலை வரை பார்த்துவிட்டு, பொதுப் பக்கம் வழியாக நானே விண்ணப்பித்துவிடுவேன். நினைவூட்டி இன்னொரு மெயில் வராது. மீனாவிடம் சொல்லி உங்களைக் கேட்கவும் வைக்க மாட்டேன்.

வியாழன் வரை காத்திருப்பதற்கு ஒரே காரணம், பல நிறுவனங்களில் நேரடியாக விண்ணப்பித்த பிறகு ரெஃபரலைச் சேர்க்க முடிவதில்லை. உங்கள் இடத்தில் அப்படி இல்லையென்றால் சொல்லுங்கள், இன்றே போட்டுவிடுகிறேன்.

நன்றி,
கயல்விழி

இதுவரை படித்ததே போதும். சரி, ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம் என்று தோன்றினால் மட்டும் கீழே உள்ளதைப் பாருங்கள்.

மீனாவே ரெஃபர் செய்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். அவர் தயாராகத்தான் இருந்தார். ஆனால் என் வேலையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல அவரால் முடியாது, உங்களால் முடியும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகப் பட்டது. நீங்கள் வேண்டாம் என்றாலும் மீனாவிடம் போய் மறுபடி கேட்கப்போவதில்லை.

எட்டு வருடமாக பேக்எண்ட் வேலை. அதில் கடைசி ஐந்து வருடம் ஒரு சந்தா சேவை நிறுவனத்தின் பில்லிங் டீமில். ஜாவா, போஸ்ட்கிரெஸ், காஃப்கா. உங்கள் விளம்பரத்தில், பழைய பேலன்ஸ் டேபிளை இரட்டைப் பதிவு லெட்ஜருக்கு மாற்றும் வேலை என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்த மெயிலே. அதே வேலையைச் சிறிய அளவில் நான் செய்திருக்கிறேன்.

எங்களிடம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பேலன்ஸ் எண் மட்டும் இருந்தது. பணம் வந்தால் கூட்டுவோம், போனால் கழிப்போம். எண் தப்பாகிவிட்டால், எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க லாக் ஃபைல்களைத் தோண்ட வேண்டும். அதை, ஒவ்வொரு பண நகர்வுக்கும் பற்று ஒன்று, வரவு ஒன்று, இரண்டும் சேர்ந்தால் பூஜ்யம் என்ற முறைக்கு மாற்றினோம். டேபிள் வடிவமைப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவதில்தான் பாடு. முதலில் பழையதிலும் புதியதிலும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதினோம். தினமும் இரவில் இரண்டையும் ஒப்பிட ஒரு ஜாப். வித்தியாசம் வந்த ஒவ்வொரு கணக்கையும் ஆள் உட்கார்ந்து பார்த்தோம். பாதி நாள் தப்பு பழைய பக்கத்தில்தான் இருந்தது. வித்தியாசம் வருவது நின்ற பிறகுதான் படிப்பதைப் புதிய லெட்ஜருக்கு மாற்றினோம், எழுதுவதைப் பழையதில் நிறுத்தியது அதற்கும் பிறகு. இந்த ஒப்பீட்டு ஜாபையும், மாற்றும் வரிசையையும் திட்டமிட்டது நான். லெட்ஜர் டேபிள்களின் வடிவமைப்பு என் டீம் லீடுடையது.

இன்னொன்று, கேட்வே டைம்அவுட் ஆகும்போது ஒரே வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் எடுக்கப்படும் பிரச்சினை. ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் ஒரு ஐடெம்பொடென்சி கீ, டேட்டாபேஸில் அதற்கு யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட், இரண்டாவது கோரிக்கை வந்தால் முதலாவதன் பதிலையே திருப்பிக் கொடுப்பது. நீங்கள் இந்தத் துறையிலேயே இருப்பவர், இதற்கு மேல் விளக்கினால் சிரிப்பீர்கள்.

என்னிடம் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது. விளம்பரத்தில் கோட்லின் கேட்டிருக்கிறார்கள், நான் ஜாவாக்காரி. ஜேவிஎம் பழக்கம், மொழி மட்டும் புதிது. கோட்லினில் சொந்தமாகச் சில சின்ன புரோகிராம்கள் எழுதியதோடு சரி. கார்டு எண்களை எங்கள் சர்வர் தொட்டதே இல்லை, கேட்வே தரும் டோக்கன் மட்டும்தான் எங்களிடம் இருந்தது. அதனால் பிசிஐ டிஎஸ்எஸ் ஆடிட்டைப் பற்றிப் படித்திருக்கிறேனே தவிர உள்ளே இருந்து பார்த்ததில்லை. இவை இரண்டும் அந்த இடத்துக்குக் கட்டாயம் என்று உங்களுக்குத் தெரிந்தால், எனக்காக ரெஃபரலை வீணாக்க வேண்டாம்.

உள் விவரம் எதுவும் நான் கேட்கவில்லை. சம்பளம், யார் மேனேஜர், என்ன கேள்வி கேட்பார்கள், இதெல்லாம் ரெக்ரூட்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். ரெஃபர் செய்த பிறகு விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று உங்களைக் கேட்கவும் மாட்டேன்.

ஃபார்மில் 'இவரை எப்படித் தெரியும்' என்ற கேள்வி இருந்தால் உள்ளதை அப்படியே எழுதுங்கள். சேர்ந்து வேலை செய்ததுபோல் தொனிக்க வேண்டாம். ஒட்டுவதற்கான பத்தி இது. உங்களுக்குப் பிடிக்காத வரியை வெட்டிவிடலாம்:

"கயல்விழி என் சக ஊழியர் வழியாக அறிமுகம். அவரோடு நேரடியாக வேலை செய்ததில்லை. ரெஸ்யூமேயையும் வேலை விவரத்தையும் படித்துவிட்டுப் பரிந்துரைக்கிறேன். எட்டு வருட பேக்எண்ட் அனுபவம், அதில் ஐந்து வருடம் பில்லிங்கில். ஓடிக்கொண்டிருக்கும் சேவையில் பேலன்ஸ் டேபிளிலிருந்து இரட்டைப் பதிவு லெட்ஜருக்கு மாற்றியதில் ஒப்பீட்டு ஜாபும் மாற்றும் வரிசையும் அவர் பொறுப்பு. பணி எண் 48213-இல் கேட்டிருக்கும் லெட்ஜர் வேலைக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. கோட்லின் அனுபவம் குறைவு, ஜாவா வலுவானது."