பழைய பதிவேடுகள்: வைப்பது, ஒதுக்குவது, அழிப்பது
நடைமுறைத் திட்டம் (2026 மே 1 முதல்)

கும்பகோணத்தில் நம் டியூஷன் சென்டர் தொடங்கிய 2009 முதல் சேர்ந்த காகிதமெல்லாம் மாடியறைப் பரணில் கிடக்கிறது. ஜூன் மாதத்துக்குள் அந்த அறையைக் காலி செய்து தரும்படி வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அவர் கேட்காவிட்டாலும் இந்த வேலையைச் செய்தாக வேண்டும். சென்ற ஆண்டு ஒரு மூட்டைப் பழைய தாளைக் கிலோக் கணக்கில் கடைக்காரரிடம் போட்டோம். இரண்டு வாரம் கழித்து வேதியியல் ஆசிரியர் தேநீர்க் கடையில் மசால்வடை வாங்கினார். அது மடித்து வந்தது நம் சேர்க்கைப் படிவத்தில். எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு மாணவியின் பெயர், தந்தையின் கைப்பேசி எண், வீட்டு முகவரி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். இந்தத் திட்டம் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியது.

எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை நாளை யார் வந்து கேட்பார்? மாணவரோ பெற்றோரோ வரித்துறையோ கேட்கக்கூடும் என்றால் வைக்கலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதற்காக எதையும் வைக்க வேண்டாம். பரண் நிறைந்தது அப்படித்தான்.

பணம் தொடர்பானவை

கட்டண ரசீதின் அடிக்கட்டை, வரவு செலவுப் பேரேடு, ஆசிரியர் சம்பளப் பதிவேடு, வாடகை ரசீது, வங்கி அறிக்கை ஆகிய அனைத்தும் நிதியாண்டு முடிந்து எட்டு ஆண்டு இருக்கும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டு என்பதே வருமான வரி விதி கணக்கேடுகளுக்குச் சொல்லிவந்த கெடு. நிதியாண்டிலிருந்து எண்ணினால் ஏழு ஆண்டு வரும். மேலும் ஓர் ஆண்டை நம் நிம்மதிக்காகச் சேர்த்திருக்கிறேன். அதன்படி 2017–18 வரையிலானவற்றை இந்த மே மாதமே அழிக்கலாம். 2018–19 முதலானவை கீழ் அலமாரிக்கு வரும். ஆண்டு வருமானம் இருபது லட்சத்தைத் தாண்டாததால் நாம் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யவில்லை. தாண்டும் ஆண்டில் இந்தப் பத்தியை மாற்றி எழுத வேண்டும்.

கட்டணச் சலுகைக் குறிப்பேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘தந்தை இல்லை, பாதிக் கட்டணம்’, ‘கடையில் நஷ்டம், தை மாதம் தருவதாகச் சொன்னார்’ என்று நானே என் கையால் எழுதிவைத்தவை அதில் உள்ளன. அன்றைக்கு அவை தேவைப்பட்டன. இன்று அந்தப் பிள்ளை பட்டம் முடித்து வேலைக்கே போயிருக்கும். சலுகைத் தொகை ரசீதிலேயே இருக்கிறது, காரணம் யாருக்கும் வேண்டாம். மாணவர் நம்மை விட்டுப் போன ஆண்டின் மே மாதத்திலேயே அந்தப் பக்கங்கள் போக வேண்டும். இனிமேல் காரணத்தை எழுதவே வேண்டாம்.

மாணவர் தொடர்பானவை

சேர்க்கைப் படிவமும் வருகைப் பதிவேடும் மாணவர் விலகி மூன்று ஆண்டு இருக்கும். கட்டணத்திலோ வருகையிலோ சச்சரவு எழுந்தால் பெரும்பாலும் அதற்குள் எழுந்துவிடும். அதன் பிறகு ஒரு வரி மட்டும் ‘நிரந்தரப் பதிவேடு’ என்னும் தடித்த நோட்டுக்குப் போகும்: பெயர், படித்த ஆண்டுகள், வகுப்பு, பாடங்கள். தொலைபேசி எண், முகவரி, மதிப்பெண் எதுவும் அதில் ஏறாது. பத்தாண்டு கழித்து ஒருவர் வந்து, ‘உங்களிடம்தான் படித்தேன், ஒரு கடிதம் வேண்டும்’ என்று கேட்டால் அந்த ஒரு வரி போதும். 2009இல் படித்த முதல் அணியின் பதிவேட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அதில் பதினோரு பெயர்தான், எண்களும் இல்லை. பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் நகல்கள்: கணித ஆசிரியர் எண்ணிப் பார்த்தார், நூற்று எண்பத்தாறு. எதற்காக வாங்கினோம் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் வாங்குகிறார்கள், நாமும் வாங்கினோம். அத்தனையையும் முதல் நாளே கிழிக்க வேண்டும். இனி வாங்குவதில்லை.

ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை பற்றிப் பெற்றோர் எழுதிக்கொடுத்த சீட்டுகள் பிள்ளை இங்கே படிக்கும் வரை முன்னறை இழுப்பறையில் இருக்கும். விலகும் நாளில் பெற்றோர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

கோப்புகளுக்கிடையே அசல் மாற்றுச் சான்றிதழோ மதிப்பெண் பட்டியலோ கண்ணில் பட்டால் அழிக்கும் குவியலில் போடக் கூடாது. இதுவரை மூன்று அசல்கள் கிடைத்துள்ளன. வீட்டைத் தேடிப் போயாவது சேர்க்க வேண்டும். ஆள் கிடைக்கும் வரை பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கட்டும்.

வினாத்தாள்களும் குறிப்புகளும்

இங்கேதான் மனம் கேட்காது. ஆனாலும் பாடத்திட்டம் மாறிவிட்டது. 2018–19இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கும், அடுத்த ஆண்டு மற்றவற்றுக்கும் புதிய புத்தகம் வந்தது. மேல்நிலை மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனது. பழைய பாடத்திட்ட வினாத்தாள் கட்டுகள் பரணில் பாதி இடத்தை அடைத்திருக்கின்றன. அவற்றில் யார் விவரமும் இல்லை என்பதால் கடையில் போடலாம், வடையும் கட்டலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குகளில் ஆசிரியர் தாமே உருவாக்கிய பயிற்சித் தாள்களை மட்டும் பிரித்து எடுக்கவும். திருத்திய விடைத்தாளில் பெயர் இருக்கும். அது மாணவருக்குப் போகட்டும், வாங்க வராதது ஆண்டிறுதியில் கிழிபடட்டும்.

2020, 2021 மாணவர்களின் தேர்வுப் பட்டியல்களை மட்டும் 2027 மே வரை ஒதுக்கி வைக்கிறோம். 2021இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, மதிப்பெண் இல்லாமலே தேர்ச்சி கொடுத்தார்கள். அந்த அணியில் இரண்டு பேர் ‘நாங்கள் அப்போது எப்படிப் படித்தோம்’ என்று கேட்டு நம் வாரத்தேர்வு மதிப்பெண்களை வாங்கிப் போனார்கள். வேறு யாரேனும் வரக்கூடும்.

கணினியும் கைப்பேசியும்

‘எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடலாமே’ என்று யோசனை வந்தது. கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 மின்னணு வடிவில் உள்ள விவரங்களுக்கு உரியது, காகிதத்தை ஸ்கேன் செய்தால் அதுவும் உள்ளே வந்துவிடும். பதினெட்டு வயது நிரம்பாதவர் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், நோக்கம் முடிந்தால் அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். நம் மாணவரில் ஏறக்குறைய எல்லாரும் பதினெட்டுக்குக் கீழ்தான்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களை ஒவ்வோர் ஆண்டும் மே 15 அன்று கலைக்கவும். நான்கு ஆண்டுக்கு முந்தைய குழுவில் இன்னும் எழுபது பெற்றோர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியும்படி இருக்கின்றன. கட்டணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் ரசீது போட்டவுடன் அழியட்டும். கண்காணிப்புக் கேமராப் பதிவு முப்பது நாள். முதலிடம் பெற்றவர் படத்தைப் பலகையில் வைக்கப் பெற்றோர் எழுத்தில் தந்த சம்மதம், அந்தப் பலகை தொங்கும் வரை இருக்கட்டும். பலகையை இறக்கும் நாளில் படத்தைக் கணினியிலிருந்தும் நீக்கவும்.

அழிக்கும் முறை

பெயருள்ள எந்தத் தாளும் முழுத் தாளாக வாசலைத் தாண்டக் கூடாது. கிழித்து, வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, கையால் பிசைந்து கூழாக்கிய பின் குப்பைக்குப் போடவும். எரிக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அழித்தவை என்ன, எந்த ஆண்டுக்கு உரியவை, எந்த நாளில் என்று நிரந்தரப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும்.

கட்டணச் சச்சரவோ புகாரோ நடந்துகொண்டிருக்கும் மாணவரின் காகிதத்துக்கு மேற்சொன்ன எந்தக் கெடுவும் பொருந்தாது. அது முடியும் வரை ஒரு தாளும் நகரக் கூடாது. இப்போது அப்படி ஒன்று இருக்கிறது, சிவப்பு நூல் கட்டிய உறை.

மே 2, 3 சனி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு நால்வரும் வரவும். பரணில் கரையான் ஏறியிருக்கிறது, பழைய சட்டை போட்டு வரவும்.