தர்ஷினிக்கு, போக முதல் வாசிக்க

தர்ஷினி,

உங்கட ரிலீஸ் லெட்டர்ல கையெழுத்து வச்சது நான்தான், அதில "சேவைக்காலம் திருப்திகரமானது" எண்டு ஒரு வரி இருக்கு, அது ஹெட் ஒஃபீஸ் ஃபைலுக்கு எழுதுற வரி. உங்களுக்கு நான் எழுத வேண்டியது இதுதான், எங்கட ஆக்கள் எல்லாரும் வாசிக்கோணும் எண்டு குரூப்பிலயும் போடுறன், கோவிக்காதீங்க.

உங்களைப் பற்றி எழுதுவம் எண்டு இருந்த உடனயே எனக்கு ஞாபகம் வந்தது ஒரு குறள்தான். 664, வினைத்திட்பம் அதிகாரத்தில வாறது.

சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம்
சொல்லிய வண்ணம் செயல்.

பள்ளிக்கூடத்தில நாங்க எல்லாரும் பாடமாக்கினதுதான். ஒரு வேலையச் செய்யிறன் எண்டு சொல்லுறது ஆருக்கும் லேசு, சொன்ன மாதிரியே செய்து முடிக்கிறதுதான் கஷ்டம். இதை கூடுதலா ஆக்கள் எடுக்கிறது மற்ற ஆளை ஏசுறதுக்கு, கதை மட்டும்தான் வேலை இல்லை எண்டு குத்திக் காட்டுறதுக்கு. உங்களோட வேலை செய்த பிறகு எனக்கு இந்தக் குறள் ஏச்சாப் படுறதே இல்லை, இப்பிடியும் ஒரு ஆள் இருக்கலாம் எண்டு ஒருத்தரைப் பாத்து எழுதினது மாதிரித்தான் படுது.

நீங்க எங்கட மருந்து ஸ்டோர்ஸ்ல சேந்து கொஞ்ச நாளிலயே 2022 வந்திட்டுது. அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், ஜெனரேட்டர் இருந்தும் டீசல் இல்லை, ஷெட்டில லைன் எங்க முடியுது எண்டே தெரியாது. ஃப்ரிட்ஜ் நிறைய இன்சுலின் இருக்கு, மூதூர், கிண்ணியா, குச்சவெளி எண்டு பார்மசிக்காரர் மாறி மாறி கோல் எடுக்கினம். "அக்கா, இன்சுலின் நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டு நீங்க சொன்னீங்க. புதுப் பிள்ளை, சொல்லுது எண்டுதான் அப்ப நினைச்சன்.

அதுக்குப் பிறகு நீங்க செய்ததை நான் கிட்ட நிண்டு பாத்தனான், அதால இங்க எழுதுறன், புதுசா வந்த பிள்ளையளுக்கும் உதவும். இன்சுலின் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில இருக்கோணும் எண்டு எல்லாருக்கும் தெரியும், சூடாகினா பழுது எண்டும் தெரியும், ஆனா உறைஞ்சாலும் அது பழுதுதான், உறைஞ்சு திரும்ப இளகினதை கனதரம் வெளியால பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது, நோயாளி ஊசி போட்ட பிறகுதான் சீனி இறங்காமத் தெரிய வரும். பதறின ஆள் எண்டால் ஃப்ரீஸர்ல இருந்து ஐஸ் பேக்கை எடுத்து அப்பிடியே பெட்டிக்குள்ள அடுக்கியிருக்கும். நீங்க அதை மேசையில பரப்பி வச்சு, மேல தண்ணி அரும்பும் வரைக்கும் பொறுத்து, ஒவ்வொண்டா காதுக்குக் கிட்ட எடுத்து ஆட்டிப் பாத்தீங்க, உள்ளுக்க தண்ணி சளசளக்கிற சத்தம் கேட்டாத்தான் பெட்டிக்குள்ள போகும். இடையில கார்ட்போட் மட்டை வச்சு மருந்து ஐஸில முட்டாம அடுக்கினீங்க, தெர்மோமீட்டரை நடுவில வச்சீங்க. டோர்ச் வெளிச்சத்தில, வேர்த்து வழியுது, ஃபேன் கூட இல்லை. அந்த முறை எங்கட ஸ்டோர்ஸ்ல ஒரு வயல் இன்சுலின் கூட கழிக்க வேண்டி வரேல்ல.

அண்டைக்கு நான் சந்தோஷப்பட்டன், ஆனா உங்கள நான் முழுசா விளங்கிக் கொண்டது டெம்பரேச்சர் புக்கைப் பாத்துத்தான். காலமையும் பின்னேரமும் எழுதுற புக், ஆரும் பெரிசாத் திறந்து பாக்கிறதில்லை, 5 எண்டு எழுதிட்டுப் போனாலும் ஆருக்கும் தெரியப் போறதில்லை. நீங்க 8.6 காட்டினா 8.6 எண்டுதான் எழுதினீங்க, பக்கத்தில நேரம், கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது, எந்தப் பெட்டியை ஒதுக்கி வச்சது, கொம்பனியில ஆரோட கதைச்சது எல்லாம் அந்தக் குட்டிக் கட்டத்துக்குள்ளயே நுணுக்கி எழுதியிருப்பீங்க. ஆய்வுக்கு வந்த ஆக்கள் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசிச்சவை.

இன்னொண்டு சொல்லோணும், எனக்கு இதுதான் பெரிசு. சொன்ன மாதிரிச் செய்யிற ஆள் எண்டால் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுற ஆள் எண்டு சிலர் நினைக்கினம். நீங்க ஏலாது எண்டு சொன்ன மாதிரி இந்த டீமில வேற ஆரும் சொன்னதில்லை, அதுவும் முதலே, நேரத்தோட, முகத்தைப் பாத்து. மூதூர் ஓடரை வெள்ளி மத்தியானம் அனுப்பச் சொல்லி மேல இருந்து வந்தா, "ஜும்மா நேரம் கடை பூட்டியிருக்கும், மருந்து வானுக்குள்ள வெயிலில நிக்கும், அது ஏலாது, சனி பத்து மணிக்குள்ள குடுக்கிறன்" எண்டு சொல்லுவீங்க. சனி பத்துக்குள்ள அது போயிருக்கும். பார்மசிக்காரர் என்னட்ட கோல் எடுத்து "தர்ஷினி மிஸ் சொன்னவவா?" எண்டு கேட்டிட்டு, ஓம் எண்டால் வேற கேள்வியே கேக்கிறதில்லை. இப்பிடி ஒரு பேர் எடுக்கிறது எவ்வளவு பாடு எண்டு எனக்குத் தெரியும், நானும் இந்தத் தொழிலிலதான் நரைச்சனான்.

நிஸார் நானா நேற்று வான் கழுவேக்க சொன்னதையும் எழுதிவிடுறன். கிண்ணியாப் பாலம் 2009ல திறக்க முதல் அவர் பாதைப் படகில வாகனத்தை ஏத்தி, அது வரும் வரைக்கும் துறையில காத்து நிண்டு ஓடின ஆள், எத்தினையோ ஸ்டோர்ஸ்காரரைக் கண்டவர். "இந்தப் பிள்ளை லோட் ஷீட் தந்தா நான் திருப்பி எண்ண மாட்டன்" எண்டார். அவர் எண்ணாம விட்ட லோட் ஷீட் வேற ஒருத்தருடையதும் எனக்குத் தெரியாது.

கொழும்பில குவாலிட்டி செக்‌ஷன் எண்டது உங்களுக்குப் பொருந்தின வேலை, போகாதீங்க எண்டு ஒரு சொல்லும் சொல்ல மாட்டன். ஆனா கவலையாத்தான் இருக்கு, அதை மறைக்கவும் மாட்டன். அங்க பெரிய இடம், மீட்டிங் கூட, ஸ்லைட் போட்டுக் கதைக்கிற ஆக்கள் கூட, முதல் கொஞ்ச மாசம் உங்கட கதை குறைவு எண்டதால உங்களைக் கவனிக்காம விடுவினம். அதுக்காக நீங்க கதையைக் கூட்ட வேணாம். 8.6ஐ 8.6 எண்டே எழுதுங்க, ஏலாததை முதலே சொல்லுங்க, அவைக்கும் விளங்கும், கொஞ்சம் சுணங்கினாலும் விளங்கும். சிங்களத்தில கதைக்கப் பயம் எண்டு சொன்னீங்க, கந்தளாய் டிஸ்பென்சரிக்காரரோட நீங்க கதைக்கிறதைக் கேட்ட எனக்கு அந்தப் பயம் இல்லை.

அஸ்மிக்கு நீங்க எழுதிக் குடுத்த கொப்பியைப் பாத்தன், ஃப்ரிட்ஜ் ரப்பர் எந்த மூலையில இளகுது எண்டது வரைக்கும் இருக்கு. அவ பழகிடுவா, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. ரெஃபரன்ஸ் லெட்டர் தனியா வேணும் எண்டால் எப்பவும் கேளுங்க, என்ர பேரையும் நம்பரையும் குடுங்க, ஆர் எடுத்தாலும் இந்தக் கதை எல்லாத்தையும் நான் அவைக்குச் சொல்லுவன்.

வியாழன் மத்தியானம் ஸ்டோர்ஸ்லயே சாப்பாடு, நிஸார் நானா வீட்டில இருந்து பிரியாணி வருது, சைவக்காரருக்கு நான் சமைச்சுக் கொண்டு வாறன். அம்மாவையும் கட்டாயம் கூட்டிக் கொண்டு வாங்க, அவவோட எனக்குக் கதைக்க நிறைய இருக்கு. சாவியும் டெம்பரேச்சர் புக்கும் வெள்ளி பின்னேரம் அஸ்மியிட்டக் குடுத்தாக் காணும். இரவு ட்ரெயினுக்கு ஸ்டேஷன்ல கொண்டு வந்து விடுறது நான், ஓட்டோவுக்குச் சொல்லிப் போடாதீங்க.

அன்போட,
வசந்தி அக்கா